லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய மூன்று பெயர்கள் போதாது: அலுவலக முதலுதவியாளர் நியமன அறிவிப்பு குறித்து ஒரு திறந்த மடல்

சென்னை ஓ.எம்.ஆர். சாலையிலும் அதைப் போன்ற மற்ற அலுவலக வட்டாரங்களிலும் பல மாடிக் கட்டடங்களில் இயங்கும் நிறுவனங்களின் நிர்வாகத்தாருக்கும், எச்.ஆர்., அட்மின், ஃபெசிலிட்டி பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் அலுவலகங்களில் லிஃப்ட் அருகே ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும். "கீழ்க்கண்ட பணியாளர்கள் முதலுதவியாளர்களாக நியமிக்கப்படுகிறார்கள்" என்று ஒரு வரி, அதன்கீழ் மூன்று பெயர், மூன்று எக்ஸ்டென்ஷன் எண். தணிக்கைக்கு வருபவர் அதைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆறாம் தளத்தில் ஒருவர் சுருண்டு விழும்போது அந்தத் தாளைப் பார்த்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. அந்த மூவரும் அன்று வந்திருக்கிறார்களா, எந்தத் தளத்தில் இருக்கிறார்கள், 108-ஐ யார் அழைப்பது, லிஃப்ட்டை யார் பிடித்து வைப்பது என்று அதில் எதுவும் இல்லை. அந்த அறிவிப்பை எப்படி எழுத வேண்டும், எழுதியதை நிறைவேற்ற என்ன ஆள், பயிற்சி, பொருள், அறை வேண்டும் என்பதைச் சொல்லவே முதலுதவிப் பயிற்சி அளிக்கும் நாங்கள் இந்த மடலை எழுதுகிறோம்.

"சட்டம் எங்களை இவ்வளவு கேட்கவில்லையே" என்பது முதலில் வரும் பதில். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 45-ஆவது பிரிவில், 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும், அதற்கு முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும், 500 பேருக்கு மேல் வேலை செய்தால் தனி ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்று வகுத்தது. ஒரே கூரையின்கீழ், எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து போகும் ஆலையை மனத்தில் வைத்து எழுதிய கணக்கு அது. வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஆபீஸ், மூன்று ஷிஃப்ட், தளத்துக்குத் தளம் ஆக்சஸ் கார்டு என்று இயங்கும் இடத்துக்கு அதை அப்படியே எடுத்து வைத்தால் பொருந்தாது. அதைக் குறைந்தபட்ச அளவாக மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் கட்டடத்துக்கு நீங்களே கணக்குப் போட வேண்டும்.

எத்தனை பேர் என்ற கணக்கு

420 பேர் கொண்ட ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். 4, 5, 6 ஆகிய மூன்று தளங்கள். பகலில் மூன்று தளத்திலும் சேர்த்து 300 பேர், மாலை ஷிஃப்ட்டில் ஐந்தாம் தளத்தில் மட்டும் 90 பேர், இரவில் அதே தளத்தில் 30 பேர். தளத்துக்கு இரண்டு பெயர் போட்டால் போதும் என்றுதான் முதலில் தோன்றும்.

வீட்டிலிருந்து வேலை, விடுப்பு, வெளியூர்ப் பயணம், கேன்டீன், வேறு தளத்தில் மீட்டிங் என்று எல்லாம் கழித்துப் பார்த்தால், குறிப்பிட்ட ஒரு நேரத்தில் ஒருவர் தம் தளத்தில் இருப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான். அப்படியானால் இரண்டு பேரை நியமித்த தளத்தில் இருவருமே இல்லாத நேரம் நான்கில் ஒரு பங்கு. மாதம் 20 வேலைநாள் என்றால் ஐந்து நாளுக்குச் சமமான நேரம் அந்தத் தளத்தில் யாருமே இல்லை. மூன்று பேர் இருந்தால் அது எட்டில் ஒன்றாகும், நான்கு பேர் இருந்தால் பதினாறில் ஒன்றாகும். நான்கு பேர் போட்டாலும் மாதத்தில் ஒரு நாளுக்குச் சற்று மேல் இடைவெளி விழுகிறது.

இந்தக் கணக்கும் ஒரு நிபந்தனையோடுதான் சரி. நால்வரும் ஒருவரோடு ஒருவர் தொடர்பில்லாமல் வந்து போக வேண்டும். நால்வரும் ஒரே டீமில் இருந்தால் செவ்வாய், புதன், வியாழன் மட்டும் சேர்ந்து வருவார்கள், திங்களும் வெள்ளியும் சேர்ந்தே வரமாட்டார்கள். டீம் அவுட்டிங் என்று மொத்தமாகக் கிளம்பியும் போவார்கள். எனவே ஒரு தளத்தின் நால்வரை நான்கு வேறு டீம்களிலிருந்து எடுங்கள். அதற்கு மேல், அந்தத் தளத்தில் எப்போதும் இருக்கிற ஒருவரைச் சேருங்கள். அவர் பெரும்பாலும் ஹவுஸ்கீப்பிங் பணியாளராகவோ, பேன்ட்ரி பொறுப்பாளராகவோ, செக்யூரிட்டியாகவோ இருப்பார். ஒப்பந்தத் தொழிலாளர் என்பதற்காக அவர்களைப் பயிற்சிக்கு அழைக்காமல் விடுவது எங்கும் பார்க்கிற பெரிய ஓட்டை. நாள் முழுவதும் தளத்தில் நடமாடுபவர்கள் அவர்கள். கழிவறையில் ஒருவர் விழுந்து கிடப்பதை முதலில் பார்ப்பவரும் அநேகமாக அவர்தான். அவர்களுக்குத் தமிழிலோ இந்தியிலோ, எந்த மொழி வசதியோ அந்த மொழியில் பயிற்சி கொடுங்கள். அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்காதீர்கள்.

ஆக, நம் 420 பேர் அலுவலகத்துக்குப் பகலில் தளத்துக்கு நால்வராக 12 பேர், மாலைக்கு நால்வர், இரவுக்கு மூவர், மொத்தம் 19 பணியாளர்கள். இவர்களோடு ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் பயிற்சி பெற்ற செக்யூரிட்டி இருவர், பகலில் தளத்துக்கு ஒரு ஹவுஸ்கீப்பிங் பணியாளர். ஒவ்வொரு குழுவிலும் ஆணும் பெண்ணும் இருக்கட்டும். ஆனால் மூச்சு நின்ற ஒரு பெண்ணுக்கு, பெண் முதலுதவியாளர் வரும்வரை யாரும் காத்திருக்கக் கூடாது என்பதைப் பயிற்சியிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பெயர் தருவதற்கு முன் அவர்களைக் கேளுங்கள். எச்.ஆர். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துப் போட்டால், ரத்தம் பார்த்தாலே மயங்குகிறவரும், முதுகு அறுவை செய்துகொண்டு தரையில் மண்டியிட முடியாதவரும் அதில் வந்துவிடுவார்கள். முன்வருகிறவர்களுக்கு ஒரு பயம் இருக்கும்: "நான் தொட்டு ஏதாவது ஆகிவிட்டால்?" சாலை விபத்தில் உதவுகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134அ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அது சாலை விபத்துக்கானது, அலுவலகத்தின் உள்ளே நடப்பதற்கு அல்ல. எனவே பயிற்சிப்படி நல்லெண்ணத்தோடு செய்த உதவிக்காக எந்தப் பணியாளர் மீதும் நடவடிக்கை இராது, சட்டச் செலவு வந்தால் நிறுவனமே ஏற்கும் என்று நியமன அறிவிப்பிலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒரு மாலை, 7.40 மணி

இனி அந்த அறிவிப்பு எதற்குப் பயன்பட வேண்டும் என்று ஒரு நிகழ்வை வைத்துப் பார்ப்போம். ஐந்தாம் தளத்து பேன்ட்ரியில் 45 வயதுக்காரர் ஒருவர் விழுகிறார். தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட்டால் அசைவில்லை. வாய் மட்டும் மீன் வாய் திறப்பதுபோல் இடைவெளி விட்டுத் திறந்து மூடுகிறது, குறட்டை போல ஒரு சத்தம் வருகிறது. சுற்றி நிற்பவர்கள் "மூச்சு இருக்கிறது" என்று சொல்லித் தண்ணீர் தெளிப்பார்கள், சாக்ஸைக் கழற்றி உள்ளங்காலைத் தேய்ப்பார்கள். அது மூச்சே இல்லை. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு இப்படி வரும். அசைவில்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் இதயம் நின்றதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த முடிவுக்கு வரப் பத்து விநாடிக்கு மேல் ஆகக் கூடாது.

மார்பை அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கும் சி.பி.ஆரும், இதயத்துக்கு மின் அதிர்ச்சியும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. மாலை ஏழே முக்காலுக்கு ஓ.எம்.ஆரில் 108 வண்டி வந்து, கேட் கடந்து, லிஃப்ட் ஏறி ஐந்தாம் தளத்துக்குப் பத்து நிமிடத்துக்குள் வந்து சேரும் என்று யாரும் உறுதி தர முடியாது. எனவே அந்தப் பத்து நிமிடம் உங்கள் ஆட்களுடையது.

முதல் ஆள் மார்பு நடுவில் இரு கைகளை வைத்து அழுத்தத் தொடங்குகிறார்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழம், 6 செ.மீ. தாண்டாமல். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு மார்பு முழுவதும் மேலெழ விட வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்கினால் அழுத்தம் மட்டும் போதும். பொதுமக்களுக்காக இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017-இல் வகுத்த வழிமுறையும் அழுத்தம் மட்டும் கொடுக்கும் முறைதான். இரண்டாம் ஆள் செக்யூரிட்டி டெஸ்க்கின் அவசர எண்ணை அழைத்துவிட்டு, 108-ஐத் தன் கைபேசியில் ஸ்பீக்கரில் போட்டு நோயாளி பக்கத்திலேயே வைக்கிறார். மூன்றாம் ஆள், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியை எடுக்க ஓடுகிறார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்துகிறவர் மாற வேண்டும். "எனக்குக் களைப்பில்லை" என்று ஒருவரே தொடர்ந்தால், அவருக்கே தெரியாமல் ஆழம் குறைந்துவிடும்.

ஏ.இ.டி. பெட்டியைத் திறந்தால் அதுவே பேசும், சொன்னபடி செய்தால் போதும். தடுமாறுவது அதற்கு முன்னால்தான். மின் அதிர்ச்சியைச் செலுத்தும் அதன் பேட் வெறும் தோலில் ஒட்ட வேண்டும். சட்டையோ, சுடிதாரோ, ரவிக்கையோ வெட்ட நல்ல கத்தரி வேண்டும். வியர்வையைத் துடைக்கத் துண்டு வேண்டும். அடர்ந்த முடி இருந்தால் மழிக்க ஒரு ரேசர் வேண்டும். இம்மூன்றும் ஏ.இ.டி. உறைக்குள்ளேயே இருக்கட்டும். ஒரு பெட்ஷீட்டும் வையுங்கள், இருவர் அதை விரித்துப் பிடித்தால் மறைவு கிடைத்துவிடும். பேட் ஒட்டும் நேரத்திலும் அழுத்தம் நிற்கக் கூடாது. கருவி "தொடாதீர்கள்" என்று சொல்லும்போது மட்டும் கையை எடுக்க வேண்டும்.

இதே நேரத்தில் கீழே நடக்க வேண்டியதைப் பெரும்பாலான அறிவிப்புகள் எழுதுவதே இல்லை. ஒரு செக்யூரிட்டி சர்வீஸ் ரோடு நுழைவில் போய் நிற்க வேண்டும். கட்டடம் சாலையின் எந்தப் பக்கம், எந்த யு-டர்னில் திரும்ப வேண்டும் என்பதை 108-இல் பேசுகிறவர் ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வரியை அச்சடித்து ஒவ்வொரு தளத்திலும் தொலைபேசிக்கு மேல் ஒட்டுங்கள், பதற்றத்தில் சொந்த அலுவலக முகவரியே நாவில் வராது. இன்னொரு செக்யூரிட்டி தரைத் தளத்தில் ஒரு லிஃப்ட்டைச் சாவி போட்டு நிறுத்தி வைக்க வேண்டும். எந்த லிஃப்ட் என்பதையும் முன்பே அளந்து முடிவு செய்யுங்கள். ஸ்ட்ரெச்சர் நீளம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். பயணிகள் லிஃப்ட் பலவற்றில் அது படுத்தவாக்கில் நுழையாது, சர்வீஸ் லிஃப்ட்டில் நுழையும். டர்ன்ஸ்டைல் பக்கத்து அகலக் கதவின் சாவி யாரிடம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆக்சஸ் கார்டு இன்னொரு சிக்கல். ஆறாம் தளத்து முதலுதவியாளரின் கார்டு ஐந்தாம் தளக் கதவைத் திறக்காது. நியமித்த எல்லோருடைய கார்டையும் எல்லாத் தளங்களுக்கும், ஏ.இ.டி. இருக்கும் லாபிக்கும், முதலுதவி அறைக்கும் திறந்து கொடுத்த பிறகே அறிவிப்பை ஒட்டுங்கள்.

பயிற்சியில் எதைக் கேட்டு வாங்குவது

இந்திய செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகள் பயிற்சி தந்து சான்றிதழ் வழங்குகின்றன. மருத்துவமனைகளும் தனியாரும் தருகிறார்கள். யாரை அழைத்தாலும் சான்றிதழின் அழகைப் பார்க்காமல் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பேருக்கு ஒரு பயிற்சிப் பொம்மை? நான்கு பேருக்கு ஒன்று என்பதைத் தாண்டினால் ஒவ்வொருவருக்கும் அழுத்திப் பார்க்க நேரம் கிடைக்காது. சரியான ஆழம் போனதைச் சத்தத்தாலோ விளக்காலோ காட்டும் பொம்மையா? பயிற்சிக்கான ஏ.இ.டி. கொண்டுவருவார்களா? ஆடிட்டோரியத்தில் 60 பேரை உட்கார வைத்து ஸ்லைடு போட்டு, மேடையில் ஒருவரை மட்டும் செய்ய வைத்து, 60 சான்றிதழ் அச்சடித்துக் கொடுப்பது பயிற்சி ஆகாது. ஒவ்வொருவரும் தரையில் மண்டியிட்டு, இடைவிடாமல் இரண்டு நிமிடம் அழுத்தி முடிக்க வேண்டும். அதைச் செய்த பிறகுதான் அது எவ்வளவு கடினம் என்பது தெரியும், ஆள் மாறுவது ஏன் என்பதும் புரியும்.

மிச்ச நேரத்தை அலுவலகத்தில் உண்மையில் நடப்பவற்றுக்குக் கொடுங்கள். பாம்புக்கடியையும் எலும்பு முறிவுக் கட்டுகளையும் விரிவாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தாழ் சர்க்கரையை ஐந்து நிமிடத்தில் முடிக்கும் பாடத்திட்டங்கள் உண்டு. மீட்டிங் நீண்டு மதியச் சாப்பாடு தள்ளிப்போனால், இன்சுலின் போடுபவருக்கோ சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கோ வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸை, அதாவது ஏறக்குறைய 15 கிராமை, தண்ணீரில் கலந்து கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மயங்கியவருக்குச் சோடா புகட்டும் பழக்கத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

வலிப்புக்குச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது இன்னும் நிற்கவில்லை. பக்கத்து நாற்காலி மேசையை நகர்த்தி, தலைக்கடியில் மடித்த துணியை வைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், கை காலைப் பிடித்து அழுத்தக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ 108. பக்கவாதத்தில் ஒரு குறிப்பு எல்லாவற்றையும் விட மதிப்புள்ளது: அவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேர வரம்பு உண்டு, அந்தக் கணக்கு அந்த நேரத்திலிருந்துதான் தொடங்கும். முகம் ஒருபக்கம் இழுத்து, கை தளர்ந்து, பேச்சு குழறினால் "கொஞ்சம் படுத்து எழட்டும்" என்று முதலுதவி அறைக்கு அனுப்புவது அந்த நேரத்தைத் தின்றுவிடும்.

கற்ற கை சில மாதங்களிலேயே மறந்துபோகும். சான்றிதழ் காலாவதியாகும்வரை காத்திராமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம், ஒரு பொம்மையை வைத்துத் தளத்திலேயே செய்து பார்க்கட்டும். பொம்மையை நிறுவனமே வாங்கி வைத்துக்கொள்வது ஒவ்வொரு முறையும் ஆள் அழைப்பதைவிட மலிவு.

பெட்டி

முதலுதவிப் பெட்டியில் முதலில் தீர்வது பிளாஸ்திரியும் தலைவலி மாத்திரையும்தான். அவற்றுக்காகப் பலரும் திறப்பதால், கத்தரிக்கோலும் காஸும் மெல்ல மெல்லக் காணாமல் போகும், வெளியிலிருந்து பார்த்தால் பெட்டி நிறைந்தே தெரியும். இதற்கு எளிய வழி உண்டு. பிளாஸ்திரியை மட்டும் பேன்ட்ரிச் சுவரில் தனியாகத் தொங்கவிடுங்கள். பெட்டியைப் பூட்டாமல், கையால் இழுத்தால் அறுந்துவிடும் எண் பொறித்த பிளாஸ்டிக் சீல் போடுங்கள். மாதச் சோதனைக்கு வருகிறவர் சீல் எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் போதும். எண் மாறியிருந்தாலோ அறுந்திருந்தாலோ மட்டும் திறந்து எண்ணி நிரப்பிப் புதுச் சீல் போடுவார். உள்ளே எந்தப் பொருள் முதலில் காலாவதியாகிறதோ அந்தத் தேதியை மூடிமேல் எழுதி ஒட்டுங்கள்.

நூறு பேர் கொண்ட தளத்துக்கு எங்கள் அளவு இது. 10 செ.மீ. சதுர ஸ்டெரைல் காஸ் 20, தனித்தனி உறையில். ரத்தம் பெருகும் காயத்துக்குப் பெரிய டிரெஸ்ஸிங் 4. ரோலர் பேண்டேஜ் 5 செ.மீ., 10 செ.மீ. அகலத்தில் ஆறாறு, க்ரேப் பேண்டேஜ் 2, முக்கோணத் துணி 4, ஒட்டும் டேப் 2. நைட்ரைல் கையுறை நடுத்தர அளவில் 10 ஜோடி, பெரிய அளவில் 10 ஜோடி. காயம் கழுவ ஸ்டெரைல் சலைன் சிறு குப்பிகள், முனை மழுங்கிய வலுவான கத்தரி, மூச்சு ஊத முகக்கவசத் தாள் 2, குளுக்கோஸ் ஒரு பாக்கெட், ஒரு பேனாவும் சிறு நோட்டும். பஞ்சு வேண்டாம், நேராகக் காயத்தில் வைத்தால் இழை ஒட்டிக்கொண்டு எடுக்கும்போது மறுபடி ரத்தம் வரும்.

மாத்திரையும் வேண்டாம். இதைச் சொன்னால் எல்லா அலுவலகத்திலும் எதிர்ப்பு வரும். "தலைவலிக்கு ஒன்று கொடுத்தால் என்ன?" காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பவருக்கு டெங்கு இருந்தால் இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகள் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும், அது டெங்குவா என்று மேசையில் உட்கார்ந்தபடி யாராலும் சொல்ல முடியாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் சார்பிட்ரேட்டைப் பெட்டியில் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. ரத்த அழுத்தம் ஏற்கெனவே விழுந்திருப்பவருக்கோ, ஆண்மைக்குறைவு மாத்திரை சாப்பிட்டிருப்பவருக்கோ அது அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். மாத்திரை கொடுப்பது மருத்துவரின் வேலை. உங்களிடம் நிறுவன மருத்துவர் இருந்தால் அவர் எழுதிக் கையெழுத்திட்ட வழிமுறையின்படி நர்ஸ் கொடுக்கலாம், முதலுதவிப் பெட்டியிலிருந்து யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

ஏ.இ.டி.யை லாபியில், எல்லோரும் நடந்து போகும் இடத்தில், பூட்டில்லாமல் மாட்டுங்கள். திறந்தால் அலாரம் அடிக்கும் பெட்டி போதும், யாரும் எடுத்துப் போய்விட மாட்டார்கள். விழுந்தவரிடமிருந்து வேகமாகப் போய் எடுத்துத் திரும்ப மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும், லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும் நேரமும் அதில் அடக்கம். நம் மூன்று தளத்துக்கு ஐந்தாம் தளப் படிக்கட்டு அருகே ஒன்று வைத்தால் மேலும் கீழும் படியேறியே எடுக்கலாம். அதன் முகப்பில் ஒரு சிறு விளக்கோ குறியோ தயார்நிலையைக் காட்டும். காலையில் முதலில் வரும் செக்யூரிட்டி அதைப் பார்த்துப் பதிவேட்டில் குறிக்கட்டும். பேட்டின் பசை காய்ந்துபோகும் என்பதால் உறையில் காலாவதித் தேதி இருக்கும், பெரும்பாலும் இரண்டு ஆண்டையொட்டி வரும். கருவி வாங்கும்போதே மாற்றுப் பேட்டுக்கும் பேட்டரிக்கும் பட்ஜெட்டில் இடம் ஒதுக்காத நிறுவனங்களில், மூன்றாம் ஆண்டில் காய்ந்த பேட்டோடு கருவி சுவரில் தொங்கும்.

அறை

முதலுதவி அறைக்கு யாரைக் கொண்டுபோவது என்பதை முதலில் தீர்மானியுங்கள். இதயம் நின்றவரை அங்கே தூக்கிப் போகக் கூடாது. விழுந்த இடமே சிகிச்சை இடம், தூக்குகிற நேரத்தில் அழுத்தம் நின்றுவிடும். நடந்து வரக்கூடியவருக்குத்தான் அறை: சர்க்கரை இறங்கித் தேறுபவர், மயங்கி எழுந்தவர், ஒற்றைத் தலைவலிக்காரர், கர்ப்பிணி, பேன்ட்ரியில் சுடுநீர் கொட்டிக்கொண்டவர்.

கடைசியாகச் சொன்னவருக்காகவே அறையில் குழாய் வேண்டும். தீப்புண்ணையும் சுடுநீர்ப் புண்ணையும் ஓடும் குளிர்ந்த குழாய்நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். பனிக்கட்டி வேண்டாம், பேஸ்ட், மஞ்சள், மை எதுவும் வேண்டாம். வீங்கும் முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்ற வேண்டும். கழிவறையின் சின்ன வாஷ்பேசினில், தானாக நின்றுவிடும் சென்சார் குழாயில் முழங்கையை 20 நிமிடம் பிடிக்க முடியாது. ஆழமான தொட்டியும் கையால் திருப்பும் குழாயும் வேண்டும்.

கட்டில் இரண்டு மீட்டர் நீளம், துடைக்கக்கூடிய ரெக்சின் உறை, மேலே ஒருமுறை பயன்படுத்தும் காகித விரிப்பு. அதைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் மூன்று பக்கமும் ஆள் நிற்க இடம் விடுங்கள். கதவு வழியே ஸ்ட்ரெச்சர் நேராக நுழைய வேண்டும். தாழ்வாரத்தில் வளைந்து திருப்ப முடிகிறதா என்பதை ஒரு மேசைப் பலகையைத் தூக்கிப்போய்ப் பார்த்துவிடுங்கள். காலால் திறக்கும் குப்பைத்தொட்டி, நாற்காலி, குடிநீர், வாந்திக்குப் பேசின், 108-க்கும் செக்யூரிட்டி டெஸ்க்குக்கும் போகும் தொலைபேசி. அதிகமாக எதுவும் வேண்டாம்.

இந்த அறைகளில் மிக ஆபத்தான பொருள் உள்தாழ்ப்பாள். தலைசுற்றுகிறது என்று ஒருவர் போய் உள்ளே தாழிட்டுப் படுத்து, நினைவு இழந்தால் வெளியில் யாருக்கும் தெரியாது. தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, கதவில் "உள்ளே ஆள் இருக்கிறார்" என்று நகர்த்திக் காட்டும் பலகை வையுங்கள். படுத்திருப்பவரோடு முதலுதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும், போயாக வேண்டும் என்றால் இன்னொருவரை விட்டுவிட்டுப் போக வேண்டும். அரை மணி நேரத்தில் தெளியாதவரை மருத்துவமனைக்கு அனுப்புங்கள், வீட்டுக்குத் தனியாக ஆட்டோ ஏற்றிவிடாதீர்கள். தாய்ப்பால் அறைக்கும் தூங்கும் அறைக்கும் இதையே காட்டினால், தேவைப்படும் நேரத்தில் மூன்றுமே கிடைக்காது. இடமில்லை என்று பழைய மானிட்டர்களை அதில் அடுக்குவதை அட்மின் முதலில் நிறுத்த வேண்டும்.

அறிவிப்பின் வாசகம்

இவ்வளவும் தயாரான பிறகு, தளத்துக்குத் தளம் தனித்தனியாக ஒட்ட வேண்டிய அறிவிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"ஐந்தாம் தளம், மாலை ஷிஃப்ட். யாராவது விழுந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ முதலில் செக்யூரிட்டி அவசர எண்ணை அழைக்கவும். அவர் இன்று தளத்தில் உள்ள முதலுதவியாளர் அனைவரையும் ஒரே நேரத்தில் அழைப்பார். அசைவும் சீரான மூச்சும் இல்லையென்றால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் 108-ஐ அழைக்கவும், அழுத்தத்தைத் தொடங்கவும். ஏ.இ.டி.: படிக்கட்டு 2 அருகே. பெட்டி: பேன்ட்ரி வாசல் வலப்புறம். முதலுதவி அறை: லிஃப்ட் லாபிக்கு எதிரே. இந்த ஷிஃப்ட்டின் முதலுதவியாளர்கள்: நான்கு பெயர், படம், இருக்கை எண், கைபேசி எண். நல்லெண்ணத்தோடு உதவும் எவருக்கும் நிறுவனம் துணை நிற்கும். இந்த அறிவிப்பு செல்லும் கடைசித் தேதி: —"

அந்தத் தேதி மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. வேலையை விட்டுப் போனவர் பெயர் சுவரில் இருப்பதுதான் இந்த அறிவிப்புகளில் நாம் காணும் சாதாரணப் பிழை. பணியாளர் வெளியேறும் நாளன்று எச்.ஆர். லேப்டாப்பைத் திரும்ப வாங்கும் படிவத்திலேயே "முதலுதவியாளரா?" என்று ஒரு கட்டம் சேர்த்தால், பெயர் அன்றே மாறிவிடும்.

ஒட்டிய ஒரு மாதத்துக்குள், முன்னறிவிப்பு இல்லாமல், மாலை ஷிஃப்ட்டில் ஒரு பயிற்சிப் பொம்மையை பேன்ட்ரித் தரையில் கிடத்தி ஒருவரைக் கத்தச் சொல்லுங்கள். 108-க்கு உண்மையில் அழைக்க வேண்டாம், அழைப்பதுபோல் பேசட்டும். நான்கு நேரத்தைக் குறியுங்கள்: முதல் அழுத்தம், செக்யூரிட்டிக்கு அழைப்பு, ஏ.இ.டி. பேட் ஒட்டியது, தரைத் தளத்தில் லிஃப்ட் நின்றது. முதல் அழுத்தம் ஒரு நிமிடத்துக்குள்ளும் பேட் மூன்று நிமிடத்துக்குள்ளும் வராவிட்டால், எந்த இடத்தில் நேரம் போனது என்று பாருங்கள். அநேகமாகத் திறக்காத ஒரு கதவிலோ, எடுக்கப்படாத ஒரு எக்ஸ்டென்ஷனிலோதான் போயிருக்கும். அதைச் சரிசெய்துவிட்டு, அடுத்த மாதம் இரவு ஷிஃப்ட்டில் மறுபடி செய்து பாருங்கள்.

இப்படிக்கு,
அலுவலகங்களில் முதலுதவிப் பயிற்சி அளிப்போர் சிலர்,
சென்னை